"லூப்பில் போடு" என்பதைத் தமிழ் மெயிலில் எப்படி எழுதுவது?

கேள்வி: நூல் மில்லில் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். சப்ளையர்களுக்குத் தமிழில்தான் மெயில் எழுதுகிறோம். மேனேஜர் "இவருக்குக் காப்பி மார்க் பண்ணு", "அவரை லூப்பில் போடு", "என்னைக் காப்பியில் வைத்திரு" என்கிறார். போன வாரம் "கணக்காளரை இத்துடன் இணைத்துள்ளேன்" என்று எழுதினேன். சப்ளையர் போன் செய்து, "இணைப்பு எதுவும் வரலையே" என்றார். இவற்றை எப்படிச் சரியாக எழுதுவது?

பதில்: சப்ளையர் கேட்டது நியாயம்தான். "இத்துடன் இணைத்துள்ளேன்" என்று படித்தவுடன், தமிழ்க் கடிதங்களில் பழகிய கண் பில்லையோ ரசீதையோதான் தேடும். கடிதத்தில் இணைப்பு என்றால் கூடவே வரும் தாள். ஆளுக்கு அந்தச் சொல் வேண்டாம், "சேர்த்திருக்கிறேன்" போதும். எதில் சேர்த்தீர்கள் என்பதையும் சொல்லிவிட்டால் குழப்பமே வராது: "எங்கள் கணக்காளரையும் இந்த மெயில் தொடரில் சேர்த்திருக்கிறேன்." பேச்சில் வரும் லூப் இதுதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பேச்சில் ஒருவர் நடுவில் நுழையும்போது மட்டும் இப்படி எழுதுங்கள்.

முதல் மெயிலிலேயே ஒருவருக்குப் பிரதி போகிறது என்றால் அது வேறு. அங்கே சேர்ப்பதற்குத் தொடர் எதுவும் இன்னும் இல்லை. "மேலாளருக்கும் நகல் அனுப்பியுள்ளேன்" என்று எழுதலாம். இதில் வேற்றுமை உருபைக் கவனியுங்கள். நகலாவது கடிதம், பெறுபவர் மனிதர். அதனால் "மேலாளருக்கு" என்றே வரவேண்டும். "மேலாளரை நகலெடுத்துள்ளேன்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; அந்த "ஐ" மேலாளரையே ஜெராக்ஸ் போட்டதாக ஆக்கிவிடுகிறது. "நகல் குறிக்கப்பட்டுள்ளது" என்பதும் சரியாக நிற்கவில்லை. மார்க் என்ற சொல்லை அப்படியே மாற்றியதால் வந்தது அது. யாருக்கு என்ன போயிற்று என்பதைச் சொல்வதில்லை.

கடித வடிவில் எழுதினால் வாக்கியமே தேவையில்லை. கையொப்பத்துக்குக் கீழே இடப்பக்கம் "நகல்:" என்று போட்டுப் பதவியை எழுதினால் போதும். அரசு அலுவலகக் கடிதங்களில் மேலதிகாரிக்குப் போகும் பிரதிக்கு "தகவலுக்காகப் பணிந்தனுப்பப்படுகிறது" என்று எழுதும் வழக்கம் உண்டு. உங்கள் மில் மெயிலில் அந்த நடை ஒட்டாது. ஆனால் அதில் உள்ள "தகவலுக்காக" என்ற ஒரு சொல்லை நீங்கள் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். Cc கட்டத்தில் தன் முகவரியைப் பார்க்கும் ஒருவருக்கு, தான் சும்மா தெரிந்துகொள்ள வேண்டுமா, ஏதாவது செய்ய வேண்டுமா என்பது அந்தக் கட்டத்திலிருந்து தெரியாது. உங்கள் வரிதான் சொல்ல வேண்டும். வேலை எதுவும் இல்லையென்றால் "தகவலுக்காக" என்று போடுங்கள். வேலை இருந்தால் அவரை நேரே அழைத்து எழுதுங்கள்; முடிந்தால் முகவரியையும் To கட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். நகலில் இருப்பவர் தனக்கு வேலை இல்லை என்றே எடுத்துக்கொள்வார். பல பில்கள் இப்படித்தான் தேங்குகின்றன.

ஓர் உதாரணம் பார்ப்போம். 5,000 காகிதக் கோன்களுக்கு ஆர்டர் கொடுத்தீர்கள், 3,200 வந்தன. வந்தவற்றுக்கு மட்டும் பணம் கேட்கிறார் சப்ளையர். மெயில் இப்படி அமையலாம்:

> ஐயா, வணக்கம்.
>
> 3,200 கோன்கள் வந்துவிட்டன. மீதி 1,800 எப்போது வரும் என்று தெரிவியுங்கள். வந்தவற்றுக்கான பணம் குறித்துப் பேச எங்கள் கணக்காளரையும் இந்தத் தொடரில் சேர்த்திருக்கிறேன். எங்கள் மேலாளருக்குத் தகவலுக்காக நகல் அனுப்பியுள்ளேன்.
>
> கணக்காளர் அவர்களுக்கு: பில்லை இத்துடன் இணைத்துள்ளேன். 3,200 கோன்களுக்கு மட்டும் பணம் அனுப்ப முடியுமா என்று பார்த்து இவருக்குப் பதில் எழுதுங்கள்.

புதிதாக வந்தவர் இருபது மெயிலைப் பின்னோக்கிப் படிக்க வேண்டியதில்லை. எதைப் பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. சப்ளையருக்கும் இனி பணத்துக்கு யாரிடம் பேசுவது என்று புரிகிறது.

அப்புறம், மூன்றாவது. "காப்பியில் வைத்திரு" என்பது இனி வரப்போகும் மெயில்களைப் பற்றியது. "நகலில் வைத்திருக்கவும்" என்று எழுதினால் எங்கேயோ கோப்பில் போட்டு வைக்கச் சொன்னதுபோல் ஆகிவிடும். எதிரில் இருப்பவர் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: "பதில் எழுதும்போது எங்கள் மேலாளருக்கும் நகல் அனுப்புங்கள்." Reply All அழுத்தும் பழக்கம் இல்லாதவர் என்று தெரிந்தால், மேலாளரின் மெயில் முகவரியையும் அந்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.

Bcc கட்டத்தில் போட்டவரைப் பற்றி மெயிலுக்குள் ஒரு சொல்லும் எழுதக் கூடாது. எழுதினால் மறைத்ததற்குப் பொருளே இல்லை. ஒருவரைத் தொடரிலிருந்து எடுக்கும்போது மட்டும், அதையும் ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள்: "பணம் அனுப்பியாகிவிட்டதால், இனி வரும் மெயில்களில் கணக்காளருக்கு நகல் வேண்டாம்."