ஸ்னோபாலா, அவலாஞ்சா? நான்கு கடனுக்கு இரண்டு முறையிலும் போட்ட கணக்கு

கேள்வி: தவணையில் பொருள் வாங்கியதில் 12,000 பாக்கி (வட்டி ஆண்டுக்கு 18%, தவணை 1,100). ஒரு கிரெடிட் கார்டில் 25,000 (36%), இன்னொன்றில் 60,000 (42%). பெர்சனல் லோன் 45,000 (24%, தவணை 2,500). மாதம் மொத்தம் 12,000 ஒதுக்க முடியும். சிறிய கடனை முதலில் முடிக்கும் ஸ்னோபால் நல்லதா, வட்டி அதிகமான கடனை முதலில் முடிக்கும் அவலாஞ்ச் நல்லதா?

பதில்:

உங்கள் எண்களுக்கு என் பதில் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தவணைக் கடனை முதல் மூன்று மாதத்தில் முடித்துவிடுங்கள். அதன் பிறகு 42% கார்டு, 36% கார்டு, பெர்சனல் லோன் என்று வட்டி வரிசையில் போங்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

கார்டுகளின் மினிமம் டியூ நிலுவையில் 5% என்று வைத்துக்கொள்வோம். இன்றைய நிலவரப்படி அது 1,250, 3,000. நிலுவை குறைந்தாலும் இதே தொகையைக் கட்டிவருவதாக வைத்துத்தான் கீழே உள்ள கணக்கு. தவணைகளையும் சேர்த்தால் எல்லாக் கடனுக்கும் கட்டாயம் கட்ட வேண்டியது 7,850. மீதி 4,150 உங்கள் கையில் இருக்கும் உபரி. இரண்டு முறைக்கும் இடையே உள்ள ஒரே வேறுபாடு, இந்த 4,150 எந்தக் கடனுக்குப் போகிறது என்பதுதான். ஒரு கடன் முடிந்ததும் அதற்குக் கட்டிவந்த முழுத் தொகையும் அடுத்த கடனுக்குப் போக வேண்டும், மாதம் 12,000 என்ற மொத்தம் கடைசி வரை குறையக் கூடாது. இது இரண்டு முறைக்கும் பொது.

அவலாஞ்சில் 42% கார்டுக்கு மாதம் 7,150 போகும். அது முடிய 11 மாதம் ஆகும். அதுவரை ஒரு கணக்குகூட மூடாது. அதன் பிறகு 12, 13, 15ஆம் மாதங்களில் மற்ற மூன்றும் மளமளவென்று முடிந்துவிடும். கட்டும் மொத்த வட்டி சுமார் 30,750.

ஸ்னோபாலில் தவணைக் கடன் 3ஆம் மாதம் முடியும், 36% கார்டு 7ஆம் மாதம், பெர்சனல் லோன் 11ஆம் மாதம். 42% கார்டு கடைசியாக, அதுவும் 15ஆம் மாதம்தான். மொத்த வட்டி சுமார் 35,450.

ஆக, சிறியதிலிருந்து பெரியது, வட்டி கூடியதிலிருந்து குறைந்தது என்று இரண்டு வரிசையும் கிட்டத்தட்ட நேர் எதிராக இருந்தும், முடியும் மாதம் ஒன்றே. வித்தியாசம் சுமார் 4,700. நீங்கள் ஒரு மாதம் கட்டும் தொகையில் பாதிகூட இல்லை. கடன்களின் அளவு ஒன்றுக்கொன்று ரொம்பத் தள்ளி இல்லாமல், ஒன்றரை வருடத்துக்குள் முடிகிற கணக்காகவும் இருந்தால் வித்தியாசம் பெரும்பாலும் இப்படித்தான் சிறியதாக வரும். நான்கைந்து வருடம் இழுக்கும் கடன்களில், அதிக வட்டிக் கடனே மிகப் பெரியதாகவும் இருந்தால், இந்த இடைவெளி வளர்ந்துவிடும். அங்கே அவலாஞ்சை விடக் கூடாது.

இப்போது நான் சொன்ன கலவை. முதல் மூன்று மாதம் உபரி முழுவதும் தவணைக் கடனுக்கு, 4ஆம் மாதத்திலிருந்து 42% கார்டுக்கு மாதம் 8,250. மொத்த வட்டி சுமார் 32,300 வருகிறது. சுத்தமான அவலாஞ்சைவிட சுமார் 1,570 மட்டுமே கூடுதல். அதற்கு ஈடாக மூன்றாம் மாதமே ஒரு கடன் முழுதாக ஒழிகிறது, மாதாமாதம் கட்டாயமாகப் போகும் 1,100 நின்றுவிடுகிறது. ஏதோ ஒரு மாதம் வருமானம் குறைந்தால் இந்த 1,100 உங்களைக் காப்பாற்றும். கார்டின் மினிமம் நிலுவை குறையக் குறையத் தானாகவே குறையும். தவணை அப்படியல்ல, 12,000 பாக்கி இருந்தாலும் 2,000 பாக்கி இருந்தாலும் அதே 1,100தான். அதனால் முதலில் மூட ஒரு சின்னக் கடனைத் தேர்ந்தெடுப்பதானால் கார்டைவிடத் தவணைக் கடனே மேல்.

கணக்கை மூடுவது மனதுக்கு மட்டும்தானா என்றால், இல்லை. டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கடன் தீர்வுத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் தரவுகளைப் பார்த்தார்கள். மூடிய கணக்குகளில் இருந்த தொகை எவ்வளவு என்பதைத் தாண்டி, கணக்குகளை மூடியதே முழுக் கடனையும் முடிப்பதோடு தொடர்புடையதாக இருந்தது. அவர்கள் ஏற்கனவே கட்ட முடியாமல் திணறியவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒழுங்காகக் கட்டிவருகிறவருக்கு அதே அளவு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் 11 மாதம் எதுவும் முடியாமல் கட்டிக்கொண்டே இருப்பது கடினம் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பாதியில் விட்ட அவலாஞ்ச், முழுதாக முடித்த ஸ்னோபாலைவிட நிச்சயம் அதிகச் செலவு.

இனி முக்கியமான விஷயம். மேலே உள்ள எல்லாக் கணக்கும் வட்டி விகிதங்கள் சரியாக இருந்தால்தான் நிற்கும். பலர் தவறுவது இங்கேதான். கடன் தாளில் எழுதியிருக்கும் சதவீதத்தை அப்படியே வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். அது ஃபிளாட் வட்டியா, குறையும் நிலுவை மேல் போடும் வட்டியா என்று முதலில் பாருங்கள். 60,000 கடன், 24 மாதம், 12% ஃபிளாட் என்றால், வட்டி 14,400 சேர்த்து 74,400ஐ 24ஆல் வகுத்து மாதம் 3,100 தவணை போடுவார்கள். அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு 60,000க்கே போய்க்கொண்டிருக்கும். இதன் உண்மை விகிதத்தை எக்செலிலோ கூகுள் ஷீட்டிலோ ஒரே வரியில் பார்க்கலாம்:

```
=RATE(24,-3100,60000)*12
```

விடை சுமார் 21.6%. தாளில் 12% என்று இருந்ததால் பட்டியலின் அடியில் போட்டிருப்பீர்கள், உண்மையில் அது மேலே வர வேண்டிய கடனாக இருக்கலாம். உங்கள் 18%, 24% இரண்டையும் இப்படிச் சோதித்துவிடுங்கள். அசல் தொகை, மொத்த மாதங்கள், தவணை, இந்த மூன்றும் போதும்.

அதோடு இன்னொரு கேள்வியும் உண்டு: இன்று கூடுதலாகக் கட்டினால் உண்மையில் எவ்வளவு வட்டி நிற்கும்? சில தவணைக் கடன்களில் முழு வட்டியும் முன்பே சேர்த்துவிடுவார்கள், சீக்கிரம் கட்டினாலும் ஒரு பைசா தள்ளுபடி கிடையாது. அப்படிப்பட்ட கடனுக்குக் கூடுதலாகக் கட்டுவதில் மிச்சம் பூஜ்யம், அதன் விகிதம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பட்டியலின் கடைசிக்குத் தள்ளுங்கள். சிலவற்றில் முன்கூட்டியே முடிக்கக் கட்டணம் உண்டு. மீதமிருக்கும் மாதங்களில் மிச்சமாகும் வட்டியிலிருந்து அந்தக் கட்டணத்தைக் கழித்துப் பார்த்த பிறகுதான் இடம் கொடுக்க வேண்டும். உங்கள் தவணைக் கடனை நான் முதலில் வைத்தது, முன்கூட்டிக் கட்டினால் வட்டி குறையும், கட்டணம் இல்லை என்று எடுத்துக்கொண்டுதான். இதைக் கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். வட்டி குறையாது அல்லது கட்டணம் உண்டு என்று பதில் வந்தால் கலவையை மறந்துவிட்டு முதல் நாளிலிருந்தே 42% கார்டுக்குப் போங்கள்.

கூடுதல் பணம் கட்டும்போதும் ஒரு சிக்கல் உண்டு. தவணைக் கடன்களில், நீங்கள் அனுப்பும் கூடுதல் தொகையை அசலில் கழிக்காமல் அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக ஒதுக்கி வைத்துவிடுவது உண்டு. வட்டி அப்படியே ஓடும். "இந்தத் தொகையை அசலில் கழிக்கவும்" என்று எழுதிக் கொடுத்து, அடுத்த அறிக்கையில் அசல் நிலுவை அந்த அளவுக்கு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்காமல் "அடுத்த தவணை: 0" என்று காட்டினால் பணம் முன்பணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாதாமாதம் சரிபார்க்க, ஒவ்வொரு கடனுக்கும் ஒரு தனி ஷீட் வைத்து இந்தச் சூத்திரத்தைக் கீழே இழுத்துக்கொள்ளுங்கள். B1இல் மாத வட்டி (42% என்றால் 0.035), B2இல் இன்றைய நிலுவை, C2இலிருந்து கீழே ஒவ்வொரு மாதமும் கட்டும் தொகை:

```
=MAX(0,B2*(1+$B$1)-C2)
```

B3இல் இதைப் போட வேண்டும். அறிக்கையில் வரும் நிலுவை இதைவிட நூறு இருநூறு தள்ளி இருந்தால் பரவாயில்லை, கார்டுகளில் வட்டி நாள் கணக்கில் ஓடும். அதற்கு மேல் தள்ளிப் போனால் அறிக்கையில் தாமதக் கட்டணமோ புதிய செலவோ ஒளிந்திருக்கும்.

புதிய செலவு என்றதும் சொல்ல வேண்டியது: நிலுவை வைத்திருக்கும் கார்டில் வழக்கமான வட்டியில்லாக் காலம் பொதுவாகக் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே 42% ஓடும். மாதம் 1,000க்கு அந்தக் கார்டைத் தேய்த்தால் 15 மாதத்தில் 15,000 கூடுகிறது. இரண்டு முறைக்கும் உள்ள 4,700 வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு. எந்த வரிசை என்று யோசிக்கும் நேரத்தில் முதலில் இரண்டு கார்டிலும் தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்களை நிறுத்துங்கள். அதே காரணத்துக்காக, கார்டுக்குக் கட்டுவதைக் கெடு நாள் வரை வைத்திருக்காமல் பணம் வந்த அன்றே கட்டுங்கள்.

கார்டை முடிக்கும் மாதத்தில் அறிக்கையில் உள்ள முழுத் தொகையையும் கட்டியும் அடுத்த மாதம் ஒரு சின்னத் தொகை வரும். அறிக்கை போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையே ஓடிய வட்டி அது. முடிந்துவிட்டது என்று நினைத்துப் பார்க்காமல் விட்டால் அந்தச் சின்னத் தொகைக்கே தாமதக் கட்டணம் விழும். கடைசித் தொகையைக் கட்டும் அன்று "இன்றைய தேதிக்கு முழுதாக முடிக்க எவ்வளவு" என்று கேட்டு அதையே கட்டுங்கள், தொடர்ந்து இரண்டு அறிக்கைகளில் நிலுவை பூஜ்யம் என்று பார்த்த பிறகு அந்தக் கடனைப் பட்டியலிலிருந்து அடியுங்கள்.