ஷார்ட் ரேட் ட்ரீயில் ஜீரோ கூப்பன் பத்திரம்: 83.60-க்கும் 83.66-க்கும் இடையில் என்ன நடக்கிறது?

கேள்வி: ஷார்ட் ரேட் இப்போ 6%. ஒவ்வொரு வருஷமும் 1.25 மடங்கு ஏறலாம், இல்ல 0.8 மடங்கா இறங்கலாம், ரெண்டுக்கும் பாதிப் பாதி வாய்ப்பு. 3 வருஷ ஜீரோ கூப்பன் பத்திரம், முகமதிப்பு 100. ஒவ்வொரு வருஷத்துக்கும் சராசரி வட்டியை எடுத்து டிஸ்கவுன்ட் பண்ணினா 83.60 வருது. ஆனா ட்ரீயில பின்னாலிருந்து போட்டா 83.66-னு சொல்றாங்க. எது சரி, ஏன்?

பதில்:

83.66-தான் சரி. இந்த ஆறு பைசா வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால், ட்ரீயை ஏன் கடைசியிலிருந்து நடத்துகிறோம் என்பதும் புரிந்துவிடும்.

முதலில் ட்ரீயைப் போட்டுக்கொள்வோம். ஷார்ட் ரேட் என்பது இங்கே ஒரு வருடத்துக்கான வட்டி, இன்று அது 6%. ஒரு வருடம் கழித்து 7.5% அல்லது 4.8%. இரண்டு வருடம் கழித்து 9.375%, 6%, 3.84% என்று மூன்று நோடுகள். ஏறி இறங்கினாலும் இறங்கி ஏறினாலும் 6%-க்கே வந்து சேர்கிறோம், அதனால்தான் நான்குக்குப் பதில் மூன்று. இங்கே ஒன்றை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்: ஒரு நோடில் எழுதியிருக்கும் வட்டி, அந்த நோடில் தொடங்கும் வருடத்துக்கு உரியது. அந்த வருடம் தொடங்கும்போதே அது தெரிந்துவிடும். ஆகவே 3 வருடப் பத்திரத்துக்கு மூன்று நெடுவரிசை வட்டிகள் போதும். மூன்றாம் வருட முடிவில் வட்டி என்னவாக இருந்தாலும் நமக்குக் கவலையில்லை.

மூன்றாம் வருட முடிவில் எல்லா நோடுகளிலும் மதிப்பு 100. எந்த வழியில் வந்தாலும் பத்திரம் 100 தந்துவிடும். நமக்கு உறுதியாகத் தெரிந்த இடம் அது ஒன்றுதான் என்பதால் கணக்கை அங்கே தொடங்குகிறோம்.

ஒரு வருடம் பின்னால் வாருங்கள். மேல் நோடில் 100 ÷ 1.09375 = 91.43. நடுவில் 100 ÷ 1.06 = 94.34. கீழே 100 ÷ 1.0384 = 96.30. இவை மூன்றும் அன்றைய தேதியில் பத்திரத்தின் விலைகள், இன்றைய விலைகள் அல்ல.

இன்னொரு வருடம் பின்னால். 7.5% நோடிலிருந்து 91.43-க்கோ 94.34-க்கோ போகலாம். இரண்டின் சராசரி 92.88, அதை 1.075-ஆல் வகுத்தால் 86.40. 4.8% நோடில் 94.34, 96.30 இரண்டின் சராசரி 95.32, 1.048-ஆல் வகுத்தால் 90.95. கடைசியாக இன்று: 86.40, 90.95 இரண்டின் சராசரி 88.68, அதை 1.06-ஆல் வகுத்தால் 83.66.

ஒவ்வொரு நோடிலும் செய்வது ஒரே வேலைதான். அடுத்த இரண்டு மதிப்புகளின் சராசரியை எடுத்து, நின்றுகொண்டிருக்கும் நோடின் வட்டியால் டிஸ்கவுன்ட் செய்கிறோம்.

```python
r0, u, d, q, n = 0.06, 1.25, 0.8, 0.5, 3
V = [100.0] * (n + 1)
for t in range(n - 1, -1, -1):
    V = [(q*V[j+1] + (1-q)*V[j]) / (1 + r0*u**j*d**(t-j))
         for j in range(t + 1)]
print(round(V[0], 2))   # 83.66
```

சரி, இனி உங்கள் 83.60. நீங்கள் எடுத்த சராசரி வட்டிகள் 6%, 6.15%, 6.30%. அவை சரிதான். ஆனால் நமக்கு வேண்டியது டிஸ்கவுன்ட் காரணிகளின் சராசரி. நீங்கள் எடுத்தது வட்டியின் சராசரி. டிஸ்கவுன்ட் காரணியான 1/(1+r) ஒரு வளைந்த கோடு: வட்டி ஏறும்போது விலை விழுவதைவிட, அதே அளவு இறங்கும்போது விலை சற்று அதிகமாக ஏறும். அதனால் வட்டியை முதலில் சராசரி எடுத்துவிட்டு டிஸ்கவுன்ட் செய்தால் விலை எப்போதும் கொஞ்சம் குறைவாகவே வரும். மூன்றாம் வருடத்தை மட்டும் பாருங்கள். சராசரி வட்டியில் 100-இன் மதிப்பு 94.07. மூன்று நோடுகளின் விலைகளை 1:2:1 எடையில் சராசரி எடுத்தால் 94.10.

இந்த வளைவை மட்டும் திருத்தி, ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாகக் காரணியின் சராசரியை எடுத்து மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். 83.65 வருகிறது. அப்புறமும் ஒரு பைசாவுக்குச் சற்று மேல் மிச்சம் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை, எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. இரண்டாம் வருட வட்டியும் மூன்றாம் வருட வட்டியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை அல்ல. 7.5%-க்கு ஏறியவருக்கு அடுத்து 9.375% அல்லது 6%, 3.84% அவருக்கு எட்டவே எட்டாது. பெரிய காரணி பெரிய காரணியோடும், சிறியது சிறியதோடும் சேர்ந்தே வருவதால், பெருக்கல்களின் சராசரி சராசரிகளின் பெருக்கலைவிடக் கூடுதலாகிறது. நோடு நோடாகப் பின்னால் வரும்போது இந்தத் தொடர்பு தானாகவே கணக்கில் வந்துவிடும். வருடம் வருடமாகத் தனியே சராசரி எடுத்தால் அது நழுவிப் போகும். மூன்று வருடத்தில் பைசாக்கணக்கில் இருப்பது, 20 அல்லது 30 வருடப் பத்திரத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிடும்.

கணக்கைச் சோதிக்கப் பலர் எல்லா வட்டியையும் 6% என்று வைத்து 83.96 வருகிறதா என்று பார்ப்பார்கள். செய்யலாம், ஆனால் மிக அடிக்கடி நடக்கும் தவறை அது பிடிக்காது: நிற்கும் நோடின் வட்டிக்குப் பதில் அடுத்த நோடின் வட்டியால் டிஸ்கவுன்ட் செய்வது. வட்டி எங்கும் ஒன்றே என்றால் அந்தத் தவறு தெரியாது. அதைவிட 1 வருடப் பத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். மிகச் சரியாக 94.34 வர வேண்டும், 7.5-உம் 4.8-உம் அதில் தலைகாட்டவே கூடாது. தலைகாட்டினால் ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கிறது. இன்னொன்று: 2 வருடப் பத்திரத்தின் இன்றைய விலையை 3 வருடக் கணக்கின் நடுவிலிருந்து எடுக்க முடியாது. இரண்டாம் வருட முடிவில் 100 வைத்து மறுபடி தொடங்க வேண்டும், 88.89 வரும்.

பாதிப் பாதி வாய்ப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் அடுத்து எழும். பங்கு விலை ட்ரீயில் ஏறும் மடங்கு u, இறங்கும் மடங்கு d, வட்டி மூன்றும் தெரிந்தால் அந்த வாய்ப்பைக் கணக்கிட்டே எடுத்துவிடலாம், ஏனென்றால் பங்கை வாங்கி விற்கலாம். ஷார்ட் ரேட்டை யாரும் வாங்கி விற்பதில்லை. அதனால் இங்கே ஏறும் வாய்ப்பான q-ஐ நாமே வைத்துக்கொள்கிறோம். 0-க்கும் 1-க்கும் இடையில் எதை வைத்தாலும், எல்லாப் பத்திரங்களுக்கும் அதே q-ஐயும் அதே ட்ரீயையும் பயன்படுத்தும்வரை ஆர்பிட்ரேஜ், அதாவது ஆபத்தே இல்லாத லாபம், வராது. ஆனால் கிடைக்கும் விலை சந்தை விலையோடு ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதைச் சரிசெய்யத்தான் 1986-இல் ஹோ–லீ மாடலும், 1990-இல் பிளாக்–டெர்மன்–டாய் மாடலும் வந்தன. அங்கே பெரும்பாலும் q-ஐ பாதியிலேயே நிறுத்திவிட்டு வட்டிகளை நகர்த்துகிறார்கள். உங்கள் ட்ரீயிலேயே செய்து பார்க்கலாம். 2 வருடப் பத்திரம் சந்தையில் 88.50-க்கு விற்கிறது என்று வையுங்கள். ட்ரீயின் 88.89 அதிகம், அப்படியானால் ஒரு வருடம் கழித்து வரும் வட்டிகள் உயர வேண்டும். மேல் வட்டிக்கும் கீழ் வட்டிக்கும் உள்ள விகிதத்தை (7.5 ÷ 4.8 = 1.5625) மாற்றாமல் கீழ் வட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், 5.17%, 8.07% என்ற இடத்தில் விலை 88.50-க்கு வந்து நிற்கும். அந்த நெடுவரிசையை அப்படியே பூட்டிவிட்டு, 3 வருடப் பத்திரத்தின் சந்தை விலையை வைத்து அடுத்த நெடுவரிசைக்குப் போகலாம்.