ஒப்புகை அட்டையோடு ஒரு பாசக் கடிதம்

கேள்வி: எனக்கு 44 வயது. கோவையில் கணவர், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். 2006-ல் திருமணம் ஆனது. அப்பாவுக்கு 73 வயது, முசிறி பக்கம் விவசாயம். ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போயிருந்தபோது, தாத்தா காலத்து நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொன்னார். மறுத்தேன். "நாற்பது பவுன் போட்டது போதாதா?" என்றார். தம்பி மனைவி எதிரிலேயே கேட்டதால் எனக்கும் ஆத்திரம். "உங்களுக்கு ஒண்ணுன்னாலும் என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அப்பாவுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். கோபத்தில் ஏதாவது பேசியிருந்தால் மன்னிக்கச் சொன்னேன், சட்டப்படி எனக்குள்ள உரிமையையும் விளக்கினேன், "நீங்கள் எப்போது தயாரோ அப்போது பேசலாம், காத்திருக்கிறேன்" என்று முடித்தேன். கடிதம் கிடைத்துவிட்டது, ஒப்புகை அட்டை அப்பா கையெழுத்தோடு திரும்பி வந்தது. இரண்டரை மாதமாகியும் பதில் இல்லை. என் கடிதத்தில் என்ன குறை? இன்னும் எவ்வளவு நாள் காத்திருப்பது?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: அந்த ஒப்புகை அட்டையை எதற்காக இணைத்தீர்கள்?

கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள என்று சொல்லாதீர்கள். அதற்கு அம்மாவுக்கு ஒரு போன் போதும். ஒப்புகை அட்டை வேறு ஒன்றுக்காக. "எனக்குக் கிடைக்கவே இல்லை" என்று எதிராளி நாளைக்குச் சொல்ல முடியாதபடி செய்வதற்காக. வீட்டுக்காரர் வாடகைக்காரருக்கு அனுப்புவார், வக்கீல் அனுப்புவார், வங்கி அனுப்பும். பெற்ற அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிற மகள் அனுப்பி நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அது ஊரில் எப்படிப் போய் இறங்கியிருக்கும் என்று யோசியுங்கள். சாதாரணத் தபால் என்றால் திண்ணையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ரெஜிஸ்டர் தபால் என்றால் ஆளைக் கூப்பிட வேண்டும். கிராமத்தில் ஒருவருக்கு ரெஜிஸ்டர் தபால் வந்தால் நகைக்கடன் ஏல நோட்டீஸாக இருக்கும், இல்லையென்றால் கோர்ட்டு விவகாரமாக இருக்கும். 73 வயது மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தபால்காரர் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்புறம்தான் அனுப்பியவர் பெயர் கண்ணில் பட்டிருக்கும், பெற்ற மகளின் பெயர். பிரித்தால் முதல் பக்கத்தில் மன்னிப்பு, இரண்டாம் பக்கத்தில் சட்டம்.

அந்த மனிதர் என்ன நினைப்பார்? யாரோ வக்கீல் சொல்லிக் கொடுத்து எழுதியிருக்கிறாள், அடுத்து நிஜமான நோட்டீஸ் வரும் என்றுதான் நினைப்பார். தம்பி கையில் கடிதம் போயிருந்தால், "எதுவும் பதில் போடாதீங்கப்பா, பேசவும் பேசாதீங்க" என்று அவர் சொல்லியிருப்பார். நோட்டீஸ் வந்த வீட்டில் முதலில் சொல்கிற யோசனை அதுதான். பதில் வராததை நீங்கள் கோபம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது பயமாகத்தான் தெரிகிறது.

உரிமை போய்விடக்கூடாதே என்ற கவலையில் செய்திருப்பீர்கள், புரிகிறது. ஆனால் அந்த அட்டையால் உங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கூடப்போவதில்லை, அது இல்லாவிட்டால் குறையப்போவதும் இல்லை. நிலம் கொள்ளுத்தாத்தா வழியாகப் பிரிக்காமல் வந்த பூர்வீகம் என்றால், பிறப்பிலேயே தம்பிக்கு இருக்கிற பங்கு உங்களுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாமல் இருந்த பெண்களுக்கு அன்றைக்கே அந்த உரிமை வந்துவிட்டது. நீங்கள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண். நாடு முழுவதற்கும் 2005 செப்டம்பர் 9-ல் வந்தது. இரண்டு மாதம் அப்பாவோடு பேசாததால் அது காலாவதி ஆகாது. நீங்களே கையெழுத்துப் போட்டாலொழிய, நீங்கள் விட்டுக்கொடுத்ததாக யாரும் பத்திரம் பதிய முடியாது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். "தாத்தா காலத்து நிலம்" என்பதாலேயே அது பூர்வீகம் ஆகிவிடாது. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், அதில் உங்கள் அப்பாவுக்கு வந்த பாகம் அவருடைய தனிச்சொத்தாகவே கருதப்படும். அவர் உயிரோடு இருக்கும்வரை அதை யாருக்கு எழுதி வைப்பது என்பது அவர் இஷ்டம், உங்களையும் கேட்க வேண்டாம், தம்பியையும் கேட்க வேண்டாம். இரண்டில் எது என்பதை மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்த சிவில் வக்கீல்தான் சொல்ல முடியும். நீங்கள் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்க்காமலே அப்பாவுக்கு ஒரு பக்கம் சட்டம் எழுதியிருக்கிறீர்கள்.

அப்பா செய்தது சரி என்று நான் சொல்லவே இல்லை. கல்யாணத்தில் போட்ட நகை வேறு, சொத்தில் பங்கு வேறு. மருமகள் முன்னால் மகளிடம் பவுன் கணக்குச் சொன்னது சின்னத்தனம். பண்டிகைக்கு வந்த பெண்ணிடம் பத்திரப் பேச்சு எடுத்ததும் அப்படித்தான். அதையெல்லாம் அவரே எழுதிக் கேட்டால் அவரைத் திட்டுவேன். இப்போது கேட்டிருப்பது நீங்கள்.

"ஏதாவது பேசியிருந்தால் மன்னியுங்கள்" என்கிறீர்களே, எது அந்த "ஏதாவது"? எனக்கு எழுதும்போது வார்த்தை பிசகாமல் எழுதத் தெரிந்திருக்கிறது. சாவு வீட்டுக்குக்கூட வரமாட்டேன் என்று எழுபது வயதைத் தாண்டியவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதை அவர் தினமும் நினைத்துக்கொண்டுதான் படுப்பார். சொன்ன வார்த்தையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால்தான் அந்த வார்த்தை போகும். பொத்தாம் பொதுவாகக் கேட்டால், "இவளுக்கு என்ன சொன்னோம் என்றுகூட ஞாபகம் இல்லை" என்றுதான் ஆகும்.

"நீங்கள் எப்போது தயாரோ அப்போது பேசலாம்" என்ற வரி ஆபீசில் சரி. வீட்டில் அது பந்தை அப்பா பக்கம் தள்ளிவிடுகிறது. அந்தத் தலைமுறை ஆண்பிள்ளை போனை எடுத்து, "நான் தயாராகிவிட்டேன் அம்மா" என்று சொல்வாரா? சாகும்வரை சொல்லமாட்டார். பேசுகிற நேரத்தை அவர் முடிவு செய்யட்டும், அது நியாயம்தான். ஆனால் அந்த நேரம் வரும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். கோவையில் உட்கார்ந்துகொண்டு காத்திருக்கிறேன் என்றால் யாருக்குக் காத்திருக்கிறீர்கள்? நடுவில் தீபாவளி வேறு வந்து போயிருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. போகவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். பெற்றவர்கள் வீட்டுக்கு முதலில் இறங்கிப் போக வேண்டியது பிள்ளைகள்தான் என்பது என் கட்சி. பழைய கட்சி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

இன்னொரு கடிதம் எழுதுங்கள். இன்லண்ட் லெட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இடமும் குறைவு, உள்ளே வேறு காகிதம் வைக்கவும் முடியாது, உங்களுக்கு அதுதான் சரி. எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். அவரே படிக்க வேண்டும், தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது. கிட்டத்தட்ட இப்படி:

"அன்புள்ள அப்பாவுக்கு,

ஆடிப்பெருக்கு அன்று, உங்களுக்கு ஒன்று என்றாலும் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொன்னேன். சொல்லக்கூடாத வார்த்தை. மன்னித்துவிடுங்கள். ரெஜிஸ்டர் தபாலில் கடிதம் அனுப்பியதும் தப்பு. அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

நிலத்தைப் பற்றிப் பேச வேண்டியதுதான். இந்தத் தடவை வேண்டாம்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின சனிக்கிழமை காலை வருகிறேன். ஞாயிறு சாயங்காலம் கிளம்புவேன். பேச மனம் இல்லையென்றால் பேச வேண்டாம், அம்மாவோடு இருந்துவிட்டு வருகிறேன். உங்களுக்கு எப்போது பேசலாம் என்று தோன்றுகிறதோ அப்போது கூப்பிடுங்கள், வீட்டில்தான் இருப்பேன்.

உங்கள் மகள்"

இதற்கு மேல் ஒரு வரியும் சேர்க்காதீர்கள். குறிப்பாக, "நீங்களும் என்னை வேதனைப்படுத்தினீர்கள்" என்ற வரி. எழுதும்போது கை அரிக்கும், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அதைப் படித்ததும் மேலே இருக்கிற மன்னிப்பு அவருக்கு மறந்துபோகும். சாதாரணத் தபாலில் போடுங்கள். போய்ச் சேர்ந்ததா என்று கேட்கவும் வேண்டாம், சொன்ன சனிக்கிழமை போய் இறங்குங்கள். கணவரையும் பிள்ளைகளையும் கூட்டிப் போக வேண்டாம். மாப்பிள்ளை வந்துவிட்டால் அப்பா உபசாரத்தில் ஒளிந்துகொள்வார்.

முதல் நாள் நேராகப் பேசமாட்டார். "அவ சாப்பிட்டாளான்னு கேளு" என்று நீங்கள் காதில் வாங்கும்படி அம்மாவிடம் சொல்வார். அதுவும் பேச்சுதான். "சாப்பிட்டேன்பா" என்று அவரைப் பார்த்தே பதில் சொல்லுங்கள். பிறகு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா, பெரியவனுக்குப் பரீட்சை எப்போது என்று எங்கிருந்தாவது ஆரம்பிப்பார். கேட்டதற்கு மட்டும் பதில். அந்தச் சந்து கிடைத்ததே என்று ஆடிப்பெருக்கை இழுத்துக்கொண்டு வராதீர்கள்.

அவரே நிலத்தை எடுத்தால், சட்டம் பேசாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்ப என்னப்பா அவசரம்?" இத்தனை வருஷம் இல்லாத விடுதலைப் பத்திரம் ஒரு வீட்டில் திடீரென்று தேவைப்படுகிறது என்றால், எனக்கு வருகிற கடிதங்களை வைத்துச் சொல்கிறேன், பாதிக்குப் பாதி பின்னால் ஒரு கடன் இருக்கிறது. பையன் தொழிலுக்கோ வீடு கட்டவோ நிலத்தை அடமானம் வைக்கப் போயிருப்பான். உரிமை உள்ள எல்லாரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி வங்கியில் அனுப்பியிருப்பார்கள். மகனுக்கு முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லாமல் அப்பா உங்களிடம் வந்திருப்பார். உங்கள் வீட்டிலும் அப்படியா என்று எனக்குத் தெரியாது. அப்படி இருந்தால், கடன் எவ்வளவு, எந்த வங்கி, தம்பி எப்படிக் கட்டப்போகிறார் என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

கையெழுத்து மட்டும் அந்தப் பயணத்தில் போடாதீர்கள், அப்பா கண் கலங்கினாலும் சரி. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் பங்கையும் விட்டுவிட்டு வந்தால், ஆறு மாதத்தில் அந்த எரிச்சலில் மறுபடியும் சண்டை போடுவீர்கள். வக்கீல் காகிதத்தைப் பார்த்த பிறகு தம்பியையும் வைத்துக்கொண்டு பேசலாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.