மின்னஞ்சலுக்குப் பிறகு முதல் கோல்

தங்கச்சி, நல்லூர் விடுதி உரிமையாளருக்கு, அவருடைய இணையத்தளத்தைத் திருத்தித் தருவதாகச் செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் போட்டும் பதில் இல்லை, கோல் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுங்கள். ஆனால் "என்ர ஈமெயில் பாத்தீங்களோ?" என்று மட்டும் தொடங்க வேண்டாம். "இல்லைப் பிள்ளை" என்பார். அதற்குப் பிறகு "பாருங்கோ" என்பதைத் தவிர உங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. பார்க்கவில்லையே என்ற குற்றவுணர்வில் அவரும் சீக்கிரம் போனை வைக்கத்தான் பார்ப்பார்.

மின்னஞ்சல் நீங்கள் யார் என்பதற்கு ஓர் அடையாளம் மட்டுமே. கதைக்க வேண்டியது அவருடைய இணையத்தளத்தில் நீங்கள் கண்ட ஒரு குறையை. தொலைபேசி எண் படத்துக்குள் இருப்பதாக எழுதியிருந்தீர்களே, அது போதும். மற்ற ஐந்து குறைகளையும் இப்போது எடுக்க வேண்டாம்.

வெள்ளி காலையில் அவர் கோயிலில் நிற்கலாம். சனி, ஞாயிறில் விருந்தினர் வருவதும் போவதுமாக இருப்பார்கள். திங்கள் பதினொரு மணி நல்லது. காலையில் அறை காலி செய்கிறவர்கள் போய் முடிந்திருப்பார்கள், மதியச் சாப்பாட்டுக்கும் நேரம் இருக்கும். வரவேற்பில் நிற்கும் பையன் எடுத்தால் அவனிடம் முழுக் கதையையும் சொல்லாதீர்கள். ஐயா எத்தனை மணிக்கு நிற்பார் என்று மட்டும் கேளுங்கள்.

அவரே எடுத்தால் இப்படி:

"வணக்கம் ஐயா. நான் கோண்டாவிலில இருந்து (உங்கள் பெயர்) கதைக்கிறன், இணையத்தளம் செய்யிறனான். செவ்வாய்க்கிழமை உங்கட விடுதியைப் பற்றி ஒரு ஈமெயில் போட்டனான். இப்ப ஒரு நிமிஷம் கதைக்கலாமோ?"

இங்கே நிறுத்துங்கள். நான் முதன்முதலில் எடுத்த கோலில் இந்த இடத்தில் நிறுத்தாமல் ஒப்புவித்துக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் போனை மேசையில் வைத்துவிட்டு யாருடனோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சொல்லுங்கோ" என்றால் தொடருங்கள்:

"உங்கட தளத்தில போன் நம்பர் படத்துக்குள்ள இருக்கு ஐயா. போனில பாக்கிற ஆக்கள் அதைத் தொட்டா கோல் போகாது, பாத்துப் பாத்து அடிக்க வேணும். எப்பிடித் திருத்தலாமெண்டு நேரில வந்து காட்டட்டோ? புதன் பதினொரு மணியோ, வியாழன் நாலு மணியோ, எது வசதி?"

"எவ்வளவு எடுப்பீங்கள்?" என்று உடனே கேட்டால் மழுப்ப வேண்டாம். நம்பரைத் திருத்துவது சின்ன வேலை, அதற்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லுங்கள். மீதியைத் தளம் முழுக்கப் பார்த்த பிறகு எழுதித் தருவதாகச் சொல்லுங்கள்.

"திரும்ப அனுப்புங்கோ, பாப்பம்" என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. "வட்ஸ்அப்பில அனுப்பட்டோ ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள். நம்பர் தந்தால் விருப்பம் இருக்கிறது. அன்று பின்னேரமே அந்தப் பக்கத்தின் படத்தையும் மூன்று வரியையும் அனுப்புங்கள். "அதே மெயிலுக்குத்தான் போடுங்கோ" என்றால் பெரும்பாலும் மரியாதையான மறுப்பு. அதற்கும் ஒரு மெயில் போட்டுவிட்டு, நல்லூர்த் திருவிழா முடியும்வரை அவரை விட்டுவிடுங்கள். அந்த இருபத்தைந்து நாளும் அறைகள் நிரம்பியிருக்கும், தளத்தைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் இராது.