ஆறு மாதம் சும்மா கிடந்த இன்வெர்ட்டர் பேட்டரி: கேள்வி பதில்

கேள்வி: சார், வீட்டைப் பூட்டிட்டு ஆறு மாசம் வெளியூர்ல இருந்தோம். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி இப்போ 11.7 வோல்ட் காட்டுது. இன்வெர்ட்டரைப் போட்டா அரை மணியில ‘ஃபுல்’னு லைட் எரியுது, ஆனா ஃபேன் பத்து நிமிஷம்கூட ஓடல. பேட்டரி போச்சா?

பதில்: அந்த ‘ஃபுல்’லை நம்பாதீர்கள். பிளேட்டில் லெட் சல்பேட் கெட்டிப்பட்டிருக்கிறது. சார்ஜ் கொடுத்ததும் வோல்டேஜ் மட்டும் ஏறுகிறது, கரண்ட் உள்ளே இறங்குவதில்லை. வோல்டேஜைப் பார்த்து இன்வெர்ட்டரும் நிறுத்திவிடுகிறது.

இன்வெர்ட்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிளேட் வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் விடுங்கள். மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகு. கரண்டைக் குறைத்து வைக்க முடிகிற சார்ஜரில் 3 ஆம்பியர், உச்சம் 16 வோல்ட். முதலில் வோல்டேஜ் குதித்து ஏறும்; சில மணி நேரத்தில் அதுவே இறங்கினால் நல்ல அறிகுறி, சல்பேட் கரையத் தொடங்கிவிட்டது. இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஆறு மணிக்கொரு முறை ஆறு செல்லையும் ஆசிட் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள். ஆசிட் 50 டிகிரி சூட்டைத் தொட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

கேள்வி: ஹைட்ரோமீட்டர் 1.100 காட்டினா ஆசிட் வீக்னுதானே அர்த்தம்? புது ஆசிட் ஊத்தினா சீக்கிரம் முடியுமே?

பதில்: வீக் என்பது சரி, ஊற்றுவதுதான் தப்பு. ஆசிட்டில் இருந்த சல்பேட் பிளேட்டில் ஒட்டியிருக்கிறது. அது கரைந்து திரும்பும்போது நீங்கள் ஊற்றியதும் சேர்ந்து ஆசிட் அளவுக்கு மீறி, பிளேட்டை அரிக்கும். ஆசிட் கொட்டிப்போன பேட்டரி என்றால் கதை வேறு.

கேள்வி: அண்ணா, என் ஸ்கூட்டரும் மூணு மாசமா நிக்குது. 5 ஏஎச், தண்ணி ஊத்த மூடியே இல்லாத சீல்டு பேட்டரி. 16 வோல்ட் கொடுக்கவா?

பதில்: வேண்டாம் தம்பி. அதில் போகும் தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. 0.5 ஆம்பியர், 14.4 வோல்ட்டுக்கு மேல் போகாமல் ஒரு நாள். பக்கம் உப்பினாலோ சுட்டாலோ விட்டுவிடுங்கள்.

கேள்வி (முதலில் கேட்டவர்): சார், மூணு நாள் ஆச்சு. அஞ்சு செல் 1.230, ஒண்ணு மட்டும் 1.140ல நிக்குது.

பதில்: சார்ஜ் ஓடும்போதே அந்தச் செல்லின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள், தீக்குச்சி கிட்டேயே வரக்கூடாது. மற்ற செல் மாதிரி குமிழி வந்தால் 1.5 ஆம்பியரில் இன்னும் இரண்டு நாள் விட்டுப் பார்க்கலாம். குமிழியே இல்லையென்றால் உள்ளே ஷார்ட்டாக இருக்கலாம். சார்ஜரைக் கழற்றி ஒரு இரவு வையுங்கள்; 10.5 வோல்ட் பக்கம் இறங்கினால் அந்தச் செல் செத்துவிட்டது, எந்தச் சார்ஜும் மீட்காது. தேறினால் 150 வாட் லோடு போட்டு நேரம் பாருங்கள். புது பேட்டரி எட்டு மணி நேரம் பக்கம் தாங்கும். நாலு மணி ஓடினால் பாதி உயிர்தான் மீண்டிருக்கிறது.

கேள்வி: பல்ஸ் அடிக்கிற டிசல்பேட்டர் போட்டு எனக்கு நல்லாவே மீண்டுச்சு. அதை ஏன் சொல்லல?

பதில்: அதோடு நாள்கணக்கில் மெதுவான சார்ஜும் ஓடியிருக்குமே, மீட்டது எது என்று பிரிக்க முடியவில்லை. முதலில் சார்ஜ் மட்டும் கொடுத்து லோடு நேரத்தைக் குறியுங்கள், பிறகு பல்ஸ் போட்டு அதே லோடில் மறுபடி பாருங்கள். நேரம் கூடியிருந்தால் இங்கே எழுதுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.