துடிப்பின் வடிவம் கெடாமல் அளக்க எந்த வடிப்பான்?

கேள்வி: அதிர்ச்சிச் சோதனையில் முடுக்கமானியின் சிக்னலை அளக்கிறேன். வடிப்பானில் பட்டர்வொர்த், பெசல் என்று இரண்டு தெரிவுகள் உள்ளன. பட்டர்வொர்த்தான் மிகத் தட்டையானது என்கிறார்கள். துடிப்பின் வடிவம் மாறாமல் இருக்க எதைப் போட வேண்டும்?

பெசலைப் போடுங்கள். ஆனால் இப்போதுள்ள வெட்டு அதிர்வெண்ணை அப்படியே வைத்துக்கொண்டு வகையை மட்டும் மாற்றினால், ஒரு பிழையை விட்டு இன்னொரு பிழையில் விழுவீர்கள். நாங்கள் இரண்டிலும் விழுந்து எழுந்தவர்கள் என்பதால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

குழப்பம் "மிகத் தட்டையானது" என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. எது தட்டை என்று யாரும் சொல்வதில்லை. 1930இல் பட்டர்வொர்த் முன்வைத்த வடிப்பானில் தட்டையாக இருப்பது வீச்சு. அதாவது, கடக்கும் பட்டைக்குள் இருக்கும் அதிர்வெண்கள் ஏறக்குறைய ஒரே அளவில் வெளிவருகின்றன. பெசல் வடிப்பானில் தட்டையாக இருப்பது குழுத் தாமதம். எல்லா அதிர்வெண்களும் ஏறக்குறைய ஒரே நேரம் தாமதித்து வெளிவருகின்றன. குழுத் தாமதம் என்பது `τ(ω) = −dφ/dω`, அதாவது அதிர்வெண்ணுக்கு எதிராகக் கட்டத்தை வரைந்தால் கிடைக்கும் கோட்டின் சரிவு. கட்டம் நேர்கோடாக இருந்தால் சரிவு மாறாது. சரிவு மாறாவிட்டால் துடிப்பின் பகுதிகள் ஒன்றை விட்டு ஒன்று பிரியாமல் ஒன்றாகவே வந்து சேரும். ஆக, இரண்டுமே மிகத் தட்டையான வடிப்பான்கள்தாம். உங்களுக்கு எந்தத் தட்டை வேண்டும் என்பதே கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் விழுமேடைச் சோதனை ஒன்று நடந்தது. மேடை விழுந்து மோதும்போது உருவாகும் முடுக்கம், சுமார் 1 மில்லி நொடி அகலமுள்ள அரைச் சைன் துடிப்பாக இருக்க வேண்டும். அழுத்தமின் முடுக்கமானி, மின்னேற்றப் பெருக்கி, அதன் பின் 1 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் நான்காம் படி வடிப்பான், பின்னர் பதிவுக் கருவி என்பதே அளவீட்டுச் சங்கிலி. பதிவில் துடிப்பு அழகாக எழுந்து இறங்கியது. ஆனால் பூச்சியத்தில் நிற்காமல், உச்சத்தின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கீழே இறங்கி, பின் சற்றே மேலேறி அடங்கியது. மேடை துள்ளுகிறது என்றார் ஒருவர். முடுக்கமானியைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கிறது என்றார் இன்னொருவர். மூன்று வாரம் இயந்திரப் பகுதியைக் கழற்றி மாட்டினோம். அடிப்பலகையை மாற்றினோம், கேபிளைக் கட்டினோம், திருகுக்கு முறுக்குவிசை அளந்து பூட்டினோம். அந்தக் கீழ்க்குழி இம்மியும் அசையவில்லை.

எனக்கு வந்த முதல் சந்தேகமும் தவறானதே. மின்னேற்றப் பெருக்கி மிகக் குறைந்த அதிர்வெண்களைக் கடத்தாது என்பதால், துடிப்புக்குப் பின் கோடு பூச்சியத்துக்குக் கீழே போவது அந்தக் கருவிகளில் வழக்கம்தான். ஆனால் அப்படி வரும் தாழ்வு ஆழமற்றது. மெதுவாக, ஒரே திசையில் பூச்சியத்துக்குத் திரும்பும். எங்கள் பதிவிலோ குழியின் அடி, துடிப்பு முடிந்து முக்கால் மில்லி நொடிக்குள் வந்தது; அதன் பின் கோடு பூச்சியத்தைத் தாண்டி மேலேயும் சென்றது. அது தாழ்வு அன்று, அலைவு. உங்கள் பதிவில் குழி இருந்தால் முதலில் இந்த வேறுபாட்டைப் பாருங்கள்.

கடைசியில் முடுக்கமானியைக் கழற்றி வைத்துவிட்டு, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 50 ஹெர்ட்ஸ் சதுர அலையை ஒரு துல்லியமான மின்தேக்கி வழியாக மின்னேற்றப் பெருக்கியின் நுழைவில் கொடுத்தேன். மேடையும் இல்லை, திருகும் இல்லை. ஆனாலும் சதுர அலையின் ஒவ்வொரு விளிம்பும் சுமார் 11 சதவீதம் மீறி எழுந்து, அலைந்து, அடங்கியது. படிக்கட்டுபோல் திடீரென உயரும் சிக்னலுக்கு வடிப்பான் தரும் வெளியீட்டைப் படி மறுமொழி என்பார்கள்; நான்காம் படி பட்டர்வொர்த்தில் அது மீறும் அளவு அதுவேதான். வெட்டு அதிர்வெண்ணை 2 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் அலைவின் காலம் பாதியாகச் சுருங்கியது. பொருளின் இயல் அதிர்வு, வடிப்பானின் குமிழைத் திருப்பினால் மாறாது. வடிப்பானின் அலைவு மாறும். அரை மணி நேர வேலை இது. முதல் நாளே செய்யாமல் விட்டது எங்கள் தவறு.

ஆனால் முழுப் பழியையும் நாங்கள் ஏற்க மாட்டோம். அந்தப் பெருக்கியுடன் வந்த விவரத்தாளில் "தாழ்கடத்தி, நான்கு துருவம், 1 கிலோஹெர்ட்ஸ்" என்று மட்டுமே இருந்தது. வகை இல்லை, படி மறுமொழியின் படம் இல்லை, குழுத் தாமதம் பற்றி ஒரு வரி இல்லை. வீச்சின் வளைவை மட்டும் முழுப் பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். துடிப்பு அளக்கவென்றே விற்கப்படும் கருவியில் இது எனக்கு இன்றும் ஆறாத மனக்குறை.

குழி ஏன் வருகிறது என்பதை எண்களில் பார்ப்போம். 1 கிலோஹெர்ட்ஸ், நான்காம் படி பட்டர்வொர்த்தில் குறைந்த அதிர்வெண்களின் தாமதம் சுமார் 0.42 மில்லி நொடி. 900 ஹெர்ட்ஸை நெருங்கும்போது அது சுமார் 0.62 மில்லி நொடியாக உயர்கிறது. அதாவது, துடிப்பின் கூர்மையை உருவாக்கும் மேல் அதிர்வெண்கள், அதன் உடலை உருவாக்கும் கீழ் அதிர்வெண்களைவிட 0.2 மில்லி நொடி பிந்தி வருகின்றன. துடிப்பே 1 மில்லி நொடிதான் என்னும்போது அது சிறிய பிந்தல் அன்று. அதே வெட்டு அதிர்வெண்ணில் நான்காம் படி பெசலின் தாமதம் சுமார் 0.34 மில்லி நொடி. வெட்டு அதிர்வெண்ணிலும்கூட அது 2 சதவீதத்துக்கும் குறைவாகவே மாறுகிறது. அதன் படி மறுமொழி மீறுவது 1 சதவீதத்துக்கும் கீழே.

இதைப் பார்த்ததும் மகிழ்ந்து, அதே 1 கிலோஹெர்ட்ஸில் பெசலைப் போட்டோம். குழி மறைந்தது, கூடவே உச்சமும் சரிந்தது. பெசல், வெட்டு அதிர்வெண்ணுக்கு வெகு முன்பே வீச்சைக் குறைக்கத் தொடங்கிவிடும். 1 மில்லி நொடி அரைச் சைன் என்பது 500 ஹெர்ட்ஸ் சைனின் பாதி; அந்த 500 ஹெர்ட்ஸில் பெசலின் இழப்பு 0.7 டெசிபெல், அதாவது உச்சம் ஏறத்தாழ 8 சதவீதம் குறைகிறது. பட்டர்வொர்த்தில் அதே துடிப்பின் உச்சம் 3 முதல் 4 சதவீதம்தான் குறையும். ஆகவே, உச்சத்தை மட்டும் பார்ப்பவர் பட்டர்வொர்த்தே மேல் என்பார். அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் நாங்கள் துடிப்பைத் தொகையிட்டு வேக மாற்றத்தைக் கணக்கிட்டோம். தொகையிடுவதைக் கோடு பூச்சியத்தைத் தொடும் இடத்தில் நிறுத்தினால், குழியால் ஈடாக வேண்டிய பகுதி விடுபட்டு, பட்டர்வொர்த்தில் வேக மாற்றம் சுமார் 4 சதவீதம் கூடுதலாக வரும். அலைவு முழுதும் அடங்கும்வரை தொகையிட்டால் இரண்டு வடிப்பான்களும் ஒரே விடையைத் தரும். தீர்வு எளியது: பெசலை 2 கிலோஹெர்ட்ஸில் வைத்தோம். 500 ஹெர்ட்ஸில் இழப்பு 2 சதவீதமாகச் சுருங்கியது, குழியும் இல்லை.

"கட்டம் நேர்கோடாக இருந்தால் போதுமே, எண்முறையில் சமச்சீர் வடிப்பான் போட்டால் ஆயிற்றே" என்று சிலர் பின்னூட்டத்தில் எழுதக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: போதாது. கட்டம் துல்லியமாக நேர்கோடாக இருந்தும், வீச்சைச் சுவர்போல் செங்குத்தாக வெட்டினால், படி மறுமொழி விளிம்பின் இரு புறமும் சுமார் 9 சதவீதம் அலையும். தாமதம் சீராக இருப்பதோடு வீச்சும் மெல்லச் சரிய வேண்டும். பெசல் இரண்டையும் சேர்த்துத் தருகிறது. பட்டர்வொர்த்தை `filtfilt` வழியாக முன்னும் பின்னும் ஓட்டுவோர் உண்டு. தாமதம் நீங்கும் என்பது உண்மை. ஆனால் மோதல் நிகழ்வதற்கு முன்பே கோடு குழிய ஆரம்பிக்கும். மோதிய நொடியைக் கணிக்க வேண்டியவர்களுக்கு அது ஆபத்தானது. உங்கள் துறையின் தரநிலை இருவழி பட்டர்வொர்த்தைத்தான் கேட்கிறது என்றால் அதையே செய்யுங்கள்; ஒப்பிடுவதற்கு அனைவரும் ஒரே வடிப்பானைப் போடுவது முக்கியம். அந்தப் பதிவை மோதலின் உண்மை வடிவம் என்று மட்டும் படிக்காதீர்கள்.

பைத்தானில் பெசல் போடுவதானால் ஒரு கண்ணி இருக்கிறது:

```
from scipy import signal
sos = signal.bessel(4, 2000, fs=50000,
                    norm='mag', output='sos')
```

`norm='mag'` என்பதை விட்டுவிட்டால் இயல்பாக `'phase'` எடுத்துக்கொள்ளப்படும். அப்போது நான்காம் படியில் 3 டெசிபெல் இழப்பு நீங்கள் கேட்ட 2000 ஹெர்ட்ஸில் அன்றி, சுமார் 1320 ஹெர்ட்ஸிலேயே வந்துவிடும். உச்சம் ஏன் குறைகிறது என்று தெரியாமல் நம்மவர்கள் முடுக்கமானியின் அளவுத்திருத்தத்தைச் சந்தேகிப்பதை நேரில் கண்டிருக்கிறேன். சாம்பிளிங் வீதத்தின் பாதியை வெட்டு அதிர்வெண் நெருங்கினால், எண்முறைப் பெசலின் தாமதம் தட்டையாகவும் இராது. 50 கிலோஹெர்ட்ஸுக்கு 2 கிலோஹெர்ட்ஸ் என்ற இடைவெளி பாதுகாப்பானது.

பெசலுக்கு ஒரு விலை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பதில் சொன்னதாகாது. வெட்டு அதிர்வெண்ணின் இரு மடங்கில் நான்காம் படி பட்டர்வொர்த் 24 டெசிபெல் குறைக்கும். பெசலோ 13 டெசிபெல்தான். பத்து மடங்கில் முறையே 80, 66 டெசிபெல். அதனால் முடுக்கமானியின் சொந்த ஒத்ததிர்வு போன்ற உயர் அதிர்வெண்கள் மடிந்து உங்கள் பட்டைக்குள் விழாமலிருக்க, சாம்பிளிங் வீதத்தைத் தாராளமாக உயர்த்த வேண்டும். நாங்கள் 2 கிலோஹெர்ட்ஸ் பெசலுக்கு 50 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்கிறோம். உங்கள் பதிவுக் கருவி 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது என்றால், வடிப்பானை மாற்றுவதற்கு முன் அந்தக் கருவியை மாற்றப் பாருங்கள்.