எந்தத் திட்டம், ஏன் நீங்கள்?

*"சிவில் முடித்துவிட்டு இரண்டு வருடமாக தி.நகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். மெட்ரோ வேலை செய்யும் ஒரு கன்சல்டன்சிக்கு ஏஐயை வைத்து கவர் லெட்டர் எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே மாதிரி அனுப்பிய ஆறு இடத்திலிருந்தும் பதில் இல்லை. எதை மாற்றுவது?"*
*– வாசகி, நங்கநல்லூர்*

நீங்கள் இணைத்திருந்த கடிதத்தையும் பயோடேட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன் அம்மா. கடிதத்தில் "உங்கள் புதுமையான திட்டங்கள் என்னை ஈர்த்தன" என்று இருக்கிறது. எந்தத் திட்டம் என்று இல்லை. நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டாலும் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பவருக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் பயோடேட்டாவின் இரண்டாம் பக்கத்தில் ஒரு விஷயத்தை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். பேஸ்மென்ட் தோண்டும்போது பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல்களில் கிராக் கேஜ் ஒட்டி, தினமும் ரீடிங் எடுத்தது நீங்கள். ஒரு விரிசல் இரண்டே நாளில் ஒரு மில்லிமீட்டர் விரிந்ததும், நிலத்தடி நீரை இறைக்கும் பம்பை நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். கடிதத்தின் உயிர் இதுதான்.

சரி, இதற்குப் பொருந்தும் திட்டம் எது? சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் 3, 4 ஆகிய இரண்டு வழித்தடங்களும் சந்திக்கும் திருமயிலை சுரங்க நிலையம். ஆழமான பள்ளம், சுற்றிலும் பழைய கட்டடங்கள். அந்த நிறுவனத்துக்கு அங்கே உண்மையிலேயே பங்கு உண்டா என்று அவர்களுடைய திட்டப் பட்டியலில் முதலில் பாருங்கள். இல்லையென்றால் பட்டியலில் உள்ள வேறொரு சுரங்க நிலையத்தை எடுங்கள். இதை ஏஐயிடம் கேட்டு எழுத வேண்டாம். அவர்கள் செய்யாத வேலையையும் செய்ததாக அது உறுதியாகச் சொல்லிவிடும்.

அப்புறம் முதல் பத்தியை இப்படி மாற்றுங்கள்:

"திருமயிலை நிலையப் பணியில் கண்காணிப்புக் குழுவில் வேலை செய்ய விரும்புகிறேன். தி.நகரில் ஒரு பேஸ்மென்ட் பணியில் பக்கத்து வீட்டின் விரிசல்களை நான்தான் தினமும் அளந்தேன். ஒரு மில்லிமீட்டர் மாற்றத்துக்காகப் பம்பை நிறுத்தினோம். அங்கே கையில் கிராக் கேஜ் மட்டும்தான் இருந்தது. ஆழமான பள்ளத்தில் நீர்மட்டத்தையும் மண் அமிழ்வதையும் சேர்த்துப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதால் விண்ணப்பிக்கிறேன்."

உங்களுக்கு எது தெரியும், எது இன்னும் தெரியாது என்று இரண்டையும் சொல்வதால்தான் இந்தக் காரணம் நம்பும்படி இருக்கிறது. "சிறுவயது முதலே மெட்ரோ என் கனவு" என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

இதை நீங்களே எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணம் பார்க்க மட்டும் ஏஐயிடம் கொடுங்கள். திரும்பி வந்ததும் உங்கள் வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "பம்பை நிறுத்தினோம்" என்பது "இடர் மேலாண்மையில் சிறந்து விளங்கினேன்" என்று மாறியிருந்தால் பழையபடி ஆக்கிவிடுங்கள்.

பம்பை நிறுத்தியபின் விரிசல் நின்றதா, எத்தனை நாளில் நின்றது என்று நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்கள். அந்த ரீடிங் நோட்டை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.